பெர்செப்சுவல் மேப்: மனப்பதிவு வரைபடம்

ஒரு சந்தையில் மோதிக்கொள்ளும் பிராண்டுகளுக்கு வாங்குபவர் தன் மனதில் எந்தெந்த இடம் கொடுத்திருக்கிறார் என்பதைப் புள்ளிகளாகக் காட்டும் படம்தான் பெர்செப்சுவல் மேப். ஒரே மாதிரி என்று மக்கள் நினைப்பவை பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வேறு மாதிரி என்று நினைப்பவை தள்ளி நிற்கும். புட்டிக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பது இந்தப் படத்தில் வராது.

பெர்செப்ஷன் என்பதன் வேர், ‘முழுமையாகப் பற்றுதல்’ என்று பொருள்படும் லத்தீன் வினை. மேப் என்பதும் லத்தீன் வழி வந்ததுதான். முதலில் அது துணியைக் குறித்தது. இந்த வரைபடத்துக்கான கணிதம் உளவியலிலிருந்து வந்தது. 1960-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் ரோஜர் ஷெப்பர்டும் ஜோசப் க்ருஸ்கலும் அதைச் செம்மைப்படுத்தினார்கள். வார்ட்டன் வணிகப் பள்ளியின் பால் கிரீன் போன்றவர்கள் சந்தை ஆய்வுக்குக் கொண்டுவந்தார்கள். ஊர்களுக்கு இடையிலான தூரப் பட்டியல் மட்டும் கையில் இருந்தால் அதை வைத்தே வரைபடத்தைத் திரும்பப் போட்டுவிடலாம் அல்லவா, அதே வேலைதான். பத்துக் குளிர்பானங்களை இரண்டிரண்டாகக் காட்டி “இவை எவ்வளவு ஒத்தவை?” என்று கேட்டால் 45 ஜோடிகள். அந்த 45 விடைகளையும் தூரங்களாகக் கொண்டு கணினி பத்துப் புள்ளிகளையும் பரப்பிவிடும். ஆனால் வடக்கு எது, கிழக்கு எது என்று அது சொல்லாது. அச்சுகளுக்குப் பெயர் வைப்பது ஆய்வாளர் வேலை. பிசகு பெரும்பாலும் அங்கேதான் நுழைகிறது.

படத்தில் எந்தப் பிராண்டும் நிற்காத காலியிடத்தைத் தேடி அங்கே புதுப் பொருளை இறக்குவதில் உள்ள ஆபத்துக்கு அமெரிக்காவில் கோக்க-கோலா செய்த இரண்டு முயற்சிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2004-இல் சி2 வந்தது. வழக்கமான கோக்கில் இருக்கும் சர்க்கரையிலும் கலோரியிலும் ஏறக்குறையப் பாதி. அதே ஆண்டு பெப்சியும் எட்ஜ் என்று இதேபோல ஒன்றை இறக்கியது. கலோரியை ஒரு அச்சாகப் போட்டால் காரணம் புரியும்: ஒரு முனையில் 355 மில்லி கேனுக்கு 140 கலோரி உள்ள கோக், மறுமுனையில் டயட் கோக், நடுவில் யாருமே இல்லை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சி2, எட்ஜ் இரண்டுமே நிலைக்கவில்லை. எட்ஜ் அடுத்த ஆண்டே போய்விட்டது.

கலோரி என்பது லேபிளில் போடும் எண். அதை ஒரு அச்சாக எடுத்தால் கிடைப்பது பொருளின் படம், மனதின் படம் அல்ல. அதோடு, பிராண்டுகளை மட்டும் குறித்த படத்தில் ஆட்கள் இருக்க மாட்டார்கள். எனவே “உங்களுக்குப் பிடித்த பானம் எப்படி இருக்க வேண்டும்?” என்றும் கேட்டு, ஒவ்வொருவரின் விருப்பத்தையும் அதே படத்தில் தனிப் புள்ளியாக இட வேண்டும். இங்கே சராசரி எடுத்தால் கெட்டது. பாதிப் பேர் முழு இனிப்பின் பக்கமும் மீதிப் பேர் சர்க்கரையே வேண்டாம் என்ற பக்கமும் இருந்தால், சராசரி கச்சிதமாக நடுவில் விழும். அந்த இடத்தில் ஒரு ஆள்கூட இருக்க மாட்டார். புள்ளிகள் எங்கே குவிகின்றன என்று பார்த்தால்தான், காலியிடம் வாய்ப்பா வெறும் பொட்டலா என்று தெரியும்.

2005-இல் வந்த கோக் ஜீரோவுக்கு வேறு இரண்டு அச்சுகள் பொருந்தும். ஒன்று, ‘அசல் கோக்கின் சுவை’ முதல் ‘டயட் சுவை’ வரை. 1982-இல் வந்த டயட் கோக்கின் சுவைக் கலவையே தனி. அது சர்க்கரை நீக்கிய கோக் அல்ல. மற்றது, யார் குடிக்கும் பானம் என்பது. டயட் என்ற சொல்லே பெண்களுக்கானது என்று பல இளைஞர்கள் ஒதுங்கினார்கள். சர்க்கரை இல்லை, சுவை கோக், பெயரில் டயட் கிடையாது: இந்த மூலையில் இடமும் இருந்தது, காத்திருந்த ஆட்களும் இருந்தார்கள். கலோரி அச்சிலோ அது டயட் கோக் நிற்கும் புள்ளியிலேயே விழும்; நெரிசலான இடம் என்று தள்ளிவிட்டிருப்போம்.

அச்சுகளைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விலை, தரம் என்று சேர்ந்தே ஏறும் இரண்டை எடுத்தால் புள்ளிகள் எல்லாம் ஒரே சாய்கோட்டில் வரிசையாக நிற்கும். அப்போது இரண்டு மூலைகள் காலியாகத் தெரியும். அவை இடைவெளிகள் அல்ல, ஒரே அச்சை இரண்டு முறை வரைந்ததன் விளைவு.

சரி, தமிழில் என்ன சொல்வது? புலனுணர்வு வரைபடம் என்பது நேர் பெயர்ப்பு. குளிர்பானத் துறைக்கு அது சரிப்படாது. நாக்கும் மூக்கும் சொல்வதை அளக்கும் சுவைச் சோதனை அங்கே தனித் துறையாகவே இருக்கிறது. புலனுணர்வு என்றால் அதுதான் நினைவுக்கு வரும். கண்ணைக் கட்டிக் குடிக்கும்போது ஒன்றாகத் தோன்றும் இரண்டு பானங்கள், பெயர் தெரிந்ததும் படத்தில் வெகுதூரம் விலகலாம். அந்த விலகலைப் பிடிப்பதற்குத்தான் இந்த வரைபடம் என்பதால் நான் எழுதுவது மனப்பதிவு வரைபடம். பொசிஷனிங் என்பதற்கு நிலைநிறுத்தம் புழக்கத்தில் உள்ளது. பேச்சுவாக்கில் ‘மனதில் இடம்பிடித்தல்’ என்றாலும் போதும்.