மலை உட்கார்ந்த இடம்: கால்டெராவுக்குள் சுற்றுலா போகும் முன்

மதுரையிலிருந்து பாலிக்குச் சுற்றுலா போகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். போய் வந்தவர்களின் போனில் எப்படியும் ஒரு படம் இருக்கும்: கிந்தாமணி மலை விளிம்பில் குடும்பமாக நிற்கிறார்கள், பின்னால் பாத்தூர் ஏரி, அதன் பக்கத்தில் கரிய கூம்பு மலை. "எரிமலை வெடிச்சு உண்டான பள்ளம் சார். இப்ப ஒண்ணும் இல்ல, உள்ளேயே ஊர் இருக்கு" என்பார்கள். ஊர் இருப்பது உண்மை. மற்ற இரண்டும் சரியில்லை. அது வெடித்து உண்டான பள்ளம் இல்லை. "இப்ப ஒண்ணும் இல்ல" என்றும் சொல்ல முடியாது.

நான் நிலவியல் படித்தவன். கண்மாய்க் கரைகளையும் குவாரிச் சரிவுகளையும் பார்த்து, எது நிற்கும் எது நிற்காது என்று சொல்வது என் தொழில். பள்ளிக்கூடங்களில் பேசப் போனால் முதல் கேள்வி பெரும்பாலும் யானைமலை பற்றித்தான் வரும்: "அது எரிமலையா?" இல்லை. யானைமலையும் மேலூர்ப் பக்கத்துக் குன்றுகளும் பூமிக்கடியில் வெகு ஆழத்தில் உருவாகி, மேலே இருந்தது எல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேய்ந்து போனதால் வெளியே தெரிகிற பாறைகள். கீழவளவுப் பக்கம் தண்ணீர் நிற்கிற பெரிய பள்ளங்கள் கல் வெட்டி எடுத்த குழிகள். நம் வட்டாரத்தில் எரிமலை பயமே வேண்டாம். பயணம் போகிற இடத்தில்தான் கொஞ்சம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சாதாரண எரிமலை வாய் சில நூறு மீட்டர் அகலம் இருக்கும். குழம்பும் சாம்பலும் வெளியே வந்த துளை அது. பாத்தூர் ஏரி இருக்கிற மாதிரிப் பள்ளத்துக்குக் கால்டெரா என்று பெயர், அது கிலோமீட்டர் கணக்கில் அகலமானது. ஒரு வெடிப்பு அவ்வளவு பெரிய பள்ளத்தைத் தோண்டிவிடாது. நடப்பது வேறு. எரிமலைக்குக் கீழே சில கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்குழம்பு தேங்கியிருக்கும். மேலே இருக்கிற பாறைக் கூரையின் பாரத்தில் ஒரு பங்கை அந்தக் குழம்பின் அழுத்தம்தான் தாங்குகிறது. மாபெரும் வெடிப்பில் சில மணி நேரத்துக்குள் பல கன கிலோமீட்டர் குழம்பு வெளியேறினால் அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். கூரைக்குத் தாங்கல் இல்லாமல் போகிறது. விளிம்பைச் சுற்றி ஏறக்குறைய செங்குத்தாக வளைய வடிவில் விரிசல் விட்டு, உள்ளே இருக்கிற பாறை அப்படியே கீழே இறங்கும். வீடு உட்கார்ந்துவிட்டது என்கிறோமே, அந்த மாதிரி மலை உட்கார்ந்துவிடுகிறது.

கீழே காலியான குகை ஒன்று இருந்து, அதற்குள் மலை தொப்பென்று விழுந்ததாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படிக் குகை எதுவும் இருப்பதில்லை. குழம்பு வெளியேற வெளியேற, கூடவே கூரையும் இறங்குகிறது. இறங்கும் பாறையின் பாரம் மிச்சக் குழம்பை அமுக்க, அது வளைய விரிசல் வழியாகவும் பீறிட்டு வரும். அதனால் கூரை சரியத் தொடங்கிய பிறகு வெடிப்பு இன்னும் பெரிதாகிவிடுவதும் உண்டு. பிறகு செங்குத்தான சுவர்கள் உள்பக்கம் சரிந்து பள்ளம் அகலமாகும்.

வெடித்துச் சிதறவில்லை, உட்கார்ந்தது என்று எப்படித் தெரியும்? இதற்கு ஹோவல் வில்லியம்ஸ் என்ற நிலவியலாளரின் வேலையைத்தான் நான் எப்போதும் சொல்வேன். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கிரேட்டர் லேக் என்ற ஏரி இருக்கிறது. சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் மசாமா என்ற மலையின் உச்சி காணாமல் போன இடம் அது. மலை வெடித்துச் சிதறியிருந்தால் சுற்றுப்புறம் முழுக்க அந்தப் பழைய மலையின் கல் துண்டுகள் கிடக்க வேண்டும். வில்லியம்ஸ் தேடிப் பார்த்தார். கிடந்ததில் பெரும்பகுதி புதுக் குழம்பு நுரைத்து உறைந்த நுரைக்கல். பழைய மலையின் துண்டுகள் கொஞ்சம்தான். காணாமல் போன மலையின் அளவுக்கு அது எந்த வகையிலும் போதாது. அப்படியானால் மலை வெளியே போகவில்லை, உள்ளேதான் போயிருக்கிறது. 1942இல் அவர் வெளியிட்ட கணக்கு இது. கல்லை எண்ணியே விஷயத்தை முடித்த மனிதர்.

நம் காலத்திலேயே, கருவிகள் பார்த்துக்கொண்டிருக்க நடந்தது பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ. சுமார் 500 ஆண்டுகள் சும்மா கிடந்த மலை. 1991 ஏப்ரலில் உச்சியில் நீராவி வெடிப்புகள் தொடங்கின. ஜூன் 12இல் பெரிய வெடிப்பு, ஜூன் 15இல் உச்சகட்டம். சாம்பல் தூண் 35 கிலோமீட்டருக்கு மேல் எழுந்தது. அதே நாளில் யுன்யா என்ற புயலும் அந்த வழியாக வந்தது. மழையில் நனைந்த சாம்பலின் பாரம் தாங்காமல் கூரைகள் விழுந்ததில்தான் அன்று மிகப் பலர் செத்தார்கள். முன்கூட்டியே பல்லாயிரம் பேரை வெளியேற்றியிருந்ததால் இழப்பு அந்த அளவில் நின்றது. சாம்பல் அடங்கிய பிறகு பார்த்தால், 1,745 மீட்டர் உயரமாக இருந்த உச்சியைக் காணோம். அந்த இடத்தில் இரண்டரை கிலோமீட்டர் அகலப் பள்ளம். மிஞ்சிய விளிம்பின் மிக உயர்ந்த இடமே 1,485 மீட்டர்தான்.

செய்தித்தாள்களுக்கு விஷயம் அத்தோடு முடிந்தது. என் மாதிரி ஆட்களுக்கு அங்கேதான் ஆரம்பம்.

கால்டெரா நான்கு பக்கமும் அடைத்த பள்ளம். பெய்த மழை வெளியேற வழியில்லை, ஏரியாக நிற்கும். கலுங்கு இல்லாத கண்மாயை நினைத்துப் பாருங்கள். வரத்து இருந்துகொண்டே இருக்கிறது, மறுகால் போக வழியில்லை. நீர்மட்டம் ஏறி, கரையில் எந்த இடம் தாழ்வாக இருக்கிறதோ அங்கே வழியும். வழிகிற தண்ணீர் கரையை அரிக்கும், அரித்த இடத்தில் இன்னும் அதிகத் தண்ணீர் பாயும், ஒரு கட்டத்துக்கு மேல் யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் நம் கண்மாய்க் கரையை மண் அடித்து, கெட்டிப்படுத்தி, மராமத்து பார்த்து வைத்திருக்கிறோம். கால்டெராவின் விளிம்பு யாரும் கட்டியதில்லை. பல இடங்களில் உதிரிச் சாம்பலும் உடைந்த பாறையும்தான்.

பினாட்டுபோவில் பத்து ஆண்டுகளில் ஏரி அந்தத் தாழ்வான விளிம்பை நெருங்கிவிட்டது. கீழே போட்டோலான் நகரம். 2001 செப்டம்பரில் அந்த ஊர்க்காரர்களை வெளியேற்றிவிட்டு, விளிம்பில் கையாலேயே வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். உடைவதற்கு முன் நாமே வழி விடுவோம் என்ற யோசனை. சரியான யோசனைதான். தண்ணீர் போனது, ஆனால் நினைத்த வேகத்தில் வாய்க்கால் ஆழமாகவில்லை. அடுத்த ஆண்டு ஜூலையில் அடைமழை பெய்தபோது விளிம்பு தானாகவே அரித்துக்கொண்டு உடைந்தது. வெள்ளம் போட்டோலான் பக்கம் இறங்கியது. அதாவது வெடிப்பு முடிந்து பதினோரு ஆண்டு கழித்து, ஒரு பொறி நெருப்பு இல்லாமல், அதே மலை ஆபத்தாக வந்து நின்றது. இதற்கு நடுவே, பள்ளத்தாக்குகளை நிரப்பியிருந்த சாம்பலும் கல்லும் ஒவ்வொரு மழைக்காலமும் சேற்று வெள்ளமாக இறங்கி, 1995இல் பகோலோர் என்ற ஊரை வீட்டுக்கூரை வரை மூடியது. அங்கே பழைய தேவாலயம் ஒன்று பாதி புதைந்து நிற்கிறது.

இரண்டாவது ஆபத்து தரைக்குக் கீழே. கூரை உட்கார்ந்தபோது உண்டான வளைய விரிசல் பிறகு ஒட்டிக்கொள்வதில்லை. புதுக் குழம்பு மேலே வர அது ஆயத்தப் பாதை. பப்புவா நியூ கினியின் ரபவுல் இதற்கு நல்ல பாடம். ரபவுல் துறைமுகமே ஒரு கால்டெராதான், ஒரு பக்கம் கடல் உள்ளே வந்துவிட்டது. 1983இலிருந்து 1985 வரை அங்கே ஆயிரக்கணக்கான சிறு நிலநடுக்கங்கள் வந்தன, தரை உயர்ந்தது. நடுக்கப் புள்ளிகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் அவை வளையமாக விழுந்தன. விரிசல் இருக்கிற இடம் கண்ணுக்குத் தெரிந்த மாதிரி. ஊரை எப்படிக் காலி செய்வது என்று ஒத்திகை நடந்தது. ஆனால் எதுவும் வெடிக்கவில்லை, எல்லாம் அடங்கிவிட்டது. அப்புறம் 1994 செப்டம்பரில் பலமான நிலநடுக்கங்கள் தொடங்கி 27 மணி நேரத்தில், துறைமுகத்தின் இரண்டு எதிரெதிர் கரைகளிலும், தவுர்வுர், வல்கன் என்ற இரண்டு வாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. ஊர் சாம்பலில் புதைந்தது. மக்கள் பழைய ஒத்திகையை மறக்காமல் முதல் இரவே கிளம்பிவிட்டதால் செத்தவர்கள் மிகச் சிலர்.

இதில் என் துறையின் எல்லையும் இருக்கிறது. இரண்டு ஆண்டு நடுக்கம் ஒன்றுமில்லாமல் போகிறது. 27 மணி நேர நடுக்கம் ஊரை அழிக்கிறது. கால்டெராவில் தரை உயர்வதையும் நடுக்கத்தையும் அளக்கத் தெரியும். அது வெடிப்பில் முடியுமா, எந்தப் பக்கம் வெடிக்கும் என்று உறுதியாகச் சொல்லத் தெரியாது. தனிக் கூம்பு மலை என்றால் பெரும்பாலும் உச்சியையே கவனித்தால் போதும். கால்டெராவில் வளையம் முழுக்க எங்கே வேண்டுமானாலும் திறக்கலாம்.

வாயுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இத்தாலியின் நேப்பிள்ஸ் பக்கத்தில் காம்பி பிளெக்ரேய் கால்டெராவுக்குள் சோல்பதாரா என்ற இடம், ஆவி வருகிற வெந்த தரை. 2017இல் அங்கே சுற்றிப் பார்க்கப் போன ஒரு குடும்பத்தில் பெற்றோரும் மகனும், தரை உள்வாங்கிய குழிக்குள் விழுந்து இறந்தார்கள். வெடிப்பு எதுவும் இல்லாத சாதாரண நாள் அது. இப்படிப்பட்ட இடங்களில் கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது என்பதால் குழிகளில் தேங்கி நிற்கும், வாசனையும் இருக்காது. வேலி போட்டிருந்தால் அதைத் தாண்டாதீர்கள். புகை வருகிற தாழ்வான குழிக்குள் குனிந்து படம் எடுக்க வேண்டாம், குழந்தைகளை இறங்கவே விடாதீர்கள்.

பாத்தூருக்கு வருவோம். அது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு முறை உட்கார்ந்த கால்டெரா. நடுவில் தெரிகிற கூம்பு அதற்குப் பிறகு வளர்ந்தது, 1926இல் அதன் குழம்பு பாத்தூர் கிராமத்தையும் கோயிலையும் மூடியது. இன்றைக்கு நீங்கள் விளிம்பில் பார்க்கிற பாத்தூர் கிராமமும் கோயிலும் அங்கிருந்து மேலே ஏறி வந்தவைதான். போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போகலாம் என்றுதான் சொல்வேன். இந்தோனேசிய அரசு ஒவ்வொரு எரிமலைக்கும் நான்கு படி எச்சரிக்கை வைத்திருக்கிறது. முதல் படி இயல்பு, நான்காவது படி உடனே வெளியேறு. பயணத்துக்கு முந்தின நாள் அதைப் பாருங்கள். இரண்டாம் படி என்றால் வாயைச் சுற்றி எத்தனை கிலோமீட்டர் நெருங்கக்கூடாது என்றும் போட்டிருப்பார்கள். வழிகாட்டி "பரவாயில்லை" என்றாலும் அந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள். பள்ளத்துக்குள் தங்குவதாக இருந்தால், விளிம்புக்கு ஏறுகிற பாதை எது, இரவில் வண்டி கிடைக்குமா என்று அறைச் சாவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். அடைமழை நாளில் செங்குத்துச் சுவருக்கு அடியில் இருக்கிற விடுதியை விட, விளிம்பு மேலேயே அறை எடுப்பது நல்லது.