பேரிட்டி என்பது ‘சமநிலை’ அல்ல

நுண்செயலி ஆய்வகக் குறிப்பேடுகளிலும் தமிழில் வரும் கணினிப் பாடங்களிலும் பேரிட்டி பிட் என்பதைச் ‘சமநிலை பிட்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அழகான சொல்தான். பொருள்தான் தப்பு. கேட்கிறவர் மனதில் என்ன தோன்றும்? ஒரு பைட்டில் 0-களும் 1-களும் சமமாக இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள் போலிருக்கிறது என்றுதான் தோன்றும். பேரிட்டி அதைப் பார்ப்பதில்லை. 1-களின் எண்ணிக்கை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பது மட்டுமே அதன் கேள்வி.

சொல்லின் பூர்வீகம் சுருக்கமானது. லத்தீனில் ‘பார்’ என்றால் சமம். இரண்டு சம பங்காகப் பிரிக்க முடிகிற எண்ணையும், அதாவது இரட்டைப்படை எண்ணையும், அதே சொல்லால் குறித்தார்கள். ரோமில் ‘பார் இம்பார்’ என்று ஒரு விளையாட்டே இருந்தது. நம் ஊரில் புளியங்கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு ‘ஒத்தையா, ரெட்டையா?’ என்று கேட்பதும் அதே ஆட்டம்தான். சமம் என்ற பொருள் பொருளாதாரப் பக்கம் போனது. ‘வாங்கும் திறன் சமநிலை’ என்பதில் எனக்குச் சண்டை இல்லை. ஒற்றை இரட்டை என்ற பொருள் கணிதத்துக்கும் கணினிக்கும் வந்தது. அகராதியில் முதல் பொருளை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவர் கைவண்ணம்தான் ‘சமநிலை பிட்’ என்பது என் ஊகம்.

பெயரில் என்ன இருக்கிறது என்பவர்களுக்காக 8085 நுண்செயலியை எடுத்துக்கொள்வோம். பைட்டுகளைப் பதினாறடி எண்களில் எழுதுகிறேன். F0, AA, 55 என்ற மூன்று பைட்டுகளும் ஆய்வக உதாரணங்களுக்குச் சட்டென்று கைக்கு வருபவை. மூன்றிலும் நான்கு 1, நான்கு 0. இவற்றின் பேரிட்டி இரட்டை, ‘சமநிலை’யும் இருக்கிறது. தப்பான புரிதலோடு போகிறவருக்கும் சரியான விடையே வரும். எட்டு பிட்டில் சரிபாதி என்றால் நான்கு, நான்கு இரட்டைப்படை. வேறு எப்படி வரும்? 03 கொடுத்துப் பாருங்கள். இரண்டு 1, ஆறு 0. சமநிலை எங்கே இருக்கிறது? ஆனால் பேரிட்டி இரட்டைதான். FF-இல் ஒரு 0 கூட இல்லை, அதுவும் இரட்டைதான்.

இப்போது B6 என்ற பைட். இரும எண்ணில் 10110110, ஐந்து 1-கள். அது A-யில் இருக்க, லூப் போட்டு எண்ணுவது இப்படி:

```
      MVI B,00H
      MVI C,08H
L1:   RLC
      JNC L2
      INR B
L2:   DCR C
      JNZ L1
```

RLC ஒவ்வொரு முறையும் இடது ஓர பிட்டை கேரியில் தள்ளுகிறது. கேரி 1 என்றால் B ஒன்று கூடுகிறது. B6-க்கு இது மொத்தம் 240 டி-ஸ்டேட், அதாவது 240 கடிகாரத் துடிப்பு, எடுக்கும். 3 மெகாஹெர்ட்ஸில் 80 மைக்ரோ விநாடி. முடிவில் B-யில் 05.

பேரிட்டி வேண்டுமென்றால்? இங்கேதான் வழுக்கும். லூப் முடிந்ததும், பேரிட்டி இரட்டை என்றால் தாவும் கட்டளையான JPE-ஐப் போட்டால் எந்த பைட் கொடுத்தாலும் ‘இரட்டை’ என்றே வரும். கடைசியாகக் கொடிகளைத் தொட்ட கட்டளை DCR C. அதன் விடை 00. அதில் 1-கள் பூஜ்யம், பூஜ்யம் இரட்டை, ஆகவே பேரிட்டியைச் சொல்லும் P கொடி எப்போதும் 1. இதைத் திருத்தப் போய் B-யை A-க்கு நகர்த்தி, A-யை மாற்றாமல் கொடிகளை வைக்கும் ORA A போடுவார்கள். அதுவும் தப்பு. 05 என்பது 101, அதில் இரண்டு 1. ‘இரட்டை’ என்று பதில் வரும். பைட்டின் பேரிட்டியைக் கேட்கப் போய் எண்ணிக்கையின் பேரிட்டியைக் கேட்டாயிற்று. B-யைப் பயன்படுத்துவதானால் `ANI 01H` போட்டுக் கடைசி பிட்டைப் பார்க்க வேண்டும். இன்னும் சுலபம்: எட்டு முறை சுழன்ற A பழைய B6-ஆகவே திரும்பி நிற்கிறது. நேரே ORA A போட்டால் போதும்.

உண்மையில் பேரிட்டி மட்டும் போதுமென்றால் 8085-இல் லூப்பே தேவையில்லை. அந்த ஒற்றை ORA A நான்கு டி-ஸ்டேட்டில் P கொடியைச் சரியாக வைத்துவிடும். LDA-வும் MOV-வும் கொடிகளைத் தொடாது என்பதால் அதை விடவும் கூடாது. ஏழு பிட் எழுத்தை இரட்டைப் பேரிட்டியோடு அனுப்ப வேண்டுமா?

```
      ORA A
      JPE SEND
      ORI 80H
SEND: ; இங்கே அனுப்பும் நிரல்
```

‘C’ என்ற எழுத்து 43. அதில் மூன்று 1. P கொடி 0, எனவே மேல் பிட் 1 ஆகி C3 போகிறது. இப்போது நான்கு 1. கவனித்தீர்களா, கொடி 0, அனுப்பும் பிட் 1. கொடி ‘இரட்டையா?’ என்ற கேள்விக்குப் பதில். பிட் இரட்டையாக்க என்ன சேர்க்க வேண்டும் என்பது. இரண்டையும் ‘சமநிலை’ என்றே மொழிபெயர்த்தால் இந்த வேறுபாடு காணாமல் போகும். 8051 நுண்கட்டுப்படுத்திக்கு வந்தால் இன்னும் மோசம். அங்கே 1-கள் ஒற்றைப்படையாக இருந்தால்தான் P பிட் 1 ஆகும். ‘சமநிலைக் கொடி 1 என்றால் சமநிலை உள்ளது’ என்று மனப்பாடம் செய்தவர் 8051-இல் ஒவ்வொரு பைட்டிலும் தலைகீழான விடையைத்தான் எடுப்பார்.

சரியான சொல் என்ன? எழுத்தில் ‘ஒற்றையிரட்டை’ என்பேன். ‘ஏற்றத்தாழ்வு’ போல எதிரெதிர்ச் சொற்களைச் சேர்த்து ஒரு தன்மையைச் சொல்வது தமிழுக்குப் புதிதல்ல. நீளம் என்பார்கள், இருக்கட்டும். ஒற்றைப்படை, இரட்டைப்படை பள்ளிக்கூடத்திலேயே தெரிந்த சொற்கள். பேச்சில் நானும் பேரிட்டி என்றுதான் சொல்கிறேன். புரியாத கடன்சொல் அகராதியைத் தேட வைக்கும். புரிந்தது போலத் தோன்றும் தப்பான தமிழ்ச்சொல் தேடவும் விடாது.

1-களை லூப்பில் எண்ணாமல், ஒவ்வொரு பைட்டுக்கும் எத்தனை 1 என்று முன்கூட்டியே எழுதி வைத்த 256 பைட் டேபிளையும் பயன்படுத்தலாம். இதே மொழிபெயர்ப்பாளர்கள் அதைத் ‘தேடல் அட்டவணை’ என்கிறார்கள். அதில் தேடுவது எதுவும் இல்லை. பைட்டின் மதிப்பே முகவரியின் கீழ்ப்பாதி:

```
      MVI H,21H
      MOV L,A
      MOV A,M
```

B6 கொடுத்தால் நேராக 21B6-க்குப் போய் அங்கே எழுதி வைத்த 05-ஐ எடுத்துக்கொள்கிறது. 18 டி-ஸ்டேட், 6 மைக்ரோ விநாடி. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று கணக்குப் போடாமல் சொல்கிறோமே, அதற்குத் தமிழில் பெயர் உண்டு: வாய்பாடு. எண்ணிக்கை வாய்பாடு என்றால் யாருக்குப் புரியாது?

வாய்பாட்டுக்கு விலை உண்டு. 256 பைட் நினைவகம் போகும். அது 2100 போல 00-இல் முடியும் முகவரியில்தான் தொடங்க வேண்டும். 2140-இல் வைத்துவிட்டால் மேலே உள்ள நிரல் பிழை எதுவும் காட்டாமல் கண்ட எண்ணைத் தரும். 00-க்கு 00, FF-க்கு 08 வருகிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் பிடிபடும். இடம் குறைவென்றால் பதினாறு பைட்டே போதும். B6-ஐ B, 6 என்று பிரித்து மூன்றையும் இரண்டையும் எடுத்துக் கூட்டினால் ஐந்து. அதற்கு 71 டி-ஸ்டேட் ஆகும். எப்போதோ ஒரு பைட்டை எண்ணுகிற வேலைக்கு லூப்பே போதும். பைட்டுகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தால் வாய்பாடு. அந்த 256 பைட்டையும் பயிற்சிப் பலகையின் பொத்தான்களில் தட்டி உட்கார வேண்டாம். லூப்பையே ஒரு முறை 00 முதல் FF வரை ஓடவிட்டு நிரப்பிக்கொள்ளலாம்.