சீக்கிரம் விடுவிப்பது வேறு, பிடித்தம் இல்லாமல் விடுவிப்பது வேறு

பெங்களூரு ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர், 90 நாள் நோட்டீஸ் என்பது சட்டம் வைத்த கெடு என்று நினைக்கிறார்கள். கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம், 1961இன் 39ஆம் பிரிவு பேசுவது முதலாளிக்கு: ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது. நீங்களாக விலகும்போது வரும் 90 நாள், நியமனக் கடிதத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்ட நிபந்தனை. அதை மீறினால், இருந்து வேலை செய் என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. குறைந்த நாட்களுக்கான பணத்தைக் கம்பெனி கேட்கலாம். அதனால்தான், பிடித்தம் இல்லாமல் சீக்கிரம் விடுவிக்கக் கேட்கும் கடிதம் தேவைப்படுகிறது.

ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் ஒரு கோவைக்காரரை வைத்துக்கொள்வோம். ஜூலை 1 அன்று ராஜினாமா கொடுக்கிறார். 90ஆம் நாள் செப்டம்பர் 28. புதிய இடத்தில் ஆகஸ்ட் 17 சேரச் சொல்கிறார்கள். எனவே ஆகஸ்ட் 14 வரை, அதாவது 45 நாள் மட்டும் இருக்கிறேன் என்று கேட்கிறார். மீதி 45 நாளுக்குப் பிடித்தால் எவ்வளவு? பேசிக் சம்பளம் 40,000 என்றால் 60,000 ரூபாய். நியமனக் கடிதத்தில் மொத்தச் சம்பளம் என்று இருந்து, அது 90,000 என்றால் 1,35,000. எழுத உட்காரும் முன் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்.

கடிதத்தில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றெல்லாம் உருக வேண்டாம். மேனேஜருக்கு இருக்கும் ஒரே கவலை, இவர் போனால் மாதக் கடைசி பில்லிங்கை யார் ஓட்டுவது என்பது. அதற்குப் பதில் எழுதுங்கள்:

"ஜூலை 15க்குள் பில்லிங் வேலையின் ஒவ்வொரு படியையும் எழுதித் தருகிறேன். ஜூலை 31 ஓட்டத்தை எனக்குப் பதில் வருபவரே செய்வார். நான் பக்கத்தில் இருந்து பார்ப்பேன், கை வைக்க மாட்டேன். அதில் வரும் குறைகளை ஆகஸ்ட் 10க்குள் சரிசெய்து, தங்கள் ஒப்புதலை மெயிலில் பெறுவேன். இதன்பேரில் ஆகஸ்ட் 14ஐக் கடைசி வேலைநாளாக ஏற்று, மீதி 45 நாளுக்கான பிடித்தத்தைத் தள்ளுபடி செய்யக் கோருகிறேன்."

கடைசி வாக்கியத்தில் கோரிக்கை இரண்டு. பலரும் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். மேனேஜர், "சரிப்பா, பதினாலாம் தேதி கிளம்பு" என்பார். தள்ளுபடியைப் பற்றி ஹெச்.ஆர். எதுவும் எழுதியிருக்காது. கணக்கு முடிக்கும் தாளில் 60,000 கழிந்திருக்கும், கேட்டால் பாலிசி என்பார்கள். ஆகவே தேதி, தள்ளுபடி இரண்டையும் சொல்லும் மெயில் ஹெச்.ஆரிடமிருந்தே வர வேண்டும். ஹெச்.ஆர். போர்ட்டலில் செப்டம்பர் 28 என்று இன்னும் காட்டினால், அந்தச் சம்மதம் பதிவாகவில்லை என்று அர்த்தம்.

தள்ளுபடி முழுதாகக் கிடைக்காவிட்டால், மிச்சமிருக்கும் விடுப்பைக் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். 12 நாள் ஈட்டிய விடுப்பை ஏற்றுக்கொண்டால் பிடித்தம் 33 நாளுக்கு, 44,000 ஆகும். அந்தத் தொகைமேல் ஜி.எஸ்.டி. சேர்த்திருந்தால் ஆட்சேபம் சொல்லலாம். நோட்டீஸ் பிடித்தத்துக்கு அந்த வரி கிடையாது என்று மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்டிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது.