கை ஸ்கொயர் சாம்பிள் சைஸ்: அந்த 0.3 எங்கருந்து வந்துச்சு?

தீசிஸ் புரோட்டோகால் பாக்குற வேலைல இருக்கறதால சொல்றேன், சாம்பிள் சைஸ் பகுதில நான் அதிகமா பாக்குற வரி இதுதான்: "மீடியம் எஃபெக்ட் சைஸ் 0.3, ஆல்ஃபா 0.05, பவர் 80%, ஆகவே 108 பேர்." கணக்குல தப்பே இருக்காது. மூணு குரூப், ஆமா இல்லன்னு ரெண்டு விளைவு உள்ள டேபிளுக்கு சாஃப்ட்வேர்ல போட்டா 108தான் வரும். ஆனா அந்த 0.3ன்னா உங்க ஆய்வுல என்ன அர்த்தம்னு கேட்டா பத்துல ஒன்பது பேரு முழிப்பாங்க, சீனியர் தீசிஸ்ல இருந்துச்சு சார்னு பதில் வரும்.

0.3ங்கறது கோஹன் 1988 புத்தகத்துல குடுத்த w, அதாவது கை ஸ்கொயருக்கான எஃபெக்ட் சைஸ். 0.1 சின்னது, 0.3 நடுத்தரம், 0.5 பெருசுன்னு ஒரு பொதுவான அளவுகோல் வச்சாரு, வேற எந்த தகவலும் கைல இல்லன்னா மட்டும் இத வச்சுக்கோங்கன்னு. நாம அதையே முதல் சாய்ஸா ஆக்கிட்டோம். சரி, 0.3ய சதவீதமா மாத்தி பாருங்க. ரெண்டு சம அளவு குரூப், ஆமா இல்லன்னு ஒரு விளைவு, மொத்தத்துல பாதி பேருக்கு ஆமான்னு வச்சுக்குவோம். அப்ப w 0.3 வரணும்னா ஒரு குரூப்ல 35%, இன்னொண்ணுல 65% இருக்கணும். முப்பது புள்ளி வித்தியாசம்! இவ்ளோ பெரிய வித்தியாசம் இருந்தா அந்த துறைல வேல பாக்குறவங்களுக்கு ஆய்வு பண்ணாமலே தெரிஞ்சிருக்கும். இதத்தான் நாம "நடுத்தரம்"னு எழுதிட்டு இருக்கோம்.

விளைவு அபூர்வமானதா இருந்தா இன்னும் மோசம். ஒரு குரூப்ல 5% பேருக்கு ஒரு சிக்கல் வருது, அதே அளவு இன்னொரு குரூப்ல 10% பேருக்கு வருதுன்னு வைங்க. ரெண்டு மடங்கு, எந்த டாக்டரும் இத சின்ன விஷயம்னு சொல்ல மாட்டாரு. ஆனா w போட்டா 0.095தான் வருது, அதாவது கோஹனோட "சின்னது"க்கும் கீழ. இத 80% பவரோட கண்டுபிடிக்க மொத்தம் 872 பேர் வேணும். ரெண்டே குரூப்புங்கறதால 0.3னு போட்டா 108 இல்ல, 88தான் வரும்; அந்த 88 பேர மட்டும் எடுத்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

இப்ப ஒரு கேஸ முழுசா போட்டு பாத்துருவோம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு நான் வச்சது. கேள்வி: நர்ஸ்களோட ஷிஃப்ட் வகைக்கும் தூக்கக் கோளாறுக்கும் தொடர்பு இருக்கா? ஷிஃப்ட் மூணு வகை: பகல் மட்டும், மாறி மாறி, இரவு மட்டும். தூக்கக் கோளாறு இருக்கு இல்ல, ரெண்டே ரெண்டு. 3 வரி 2 பத்தி டேபிள், அதனால டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (3-1)×(2-1) = 2.

முதல்ல கேக்க வேண்டியது ரெண்டு விஷயம். ஆய்வுல யார் யார் எவ்ளோ பங்கு வருவாங்க? பகல் 50%, மாறி மாறி 30%, இரவு 20%னு வைப்போம், டூட்டி ரோஸ்டர் பாத்தாலே இது தெரிஞ்சிரும். ரெண்டாவது, எந்த குரூப்ல எத்தன சதவீதம் கோளாறு இருந்தா அது கவனிக்க வேண்டிய வித்தியாசம்? பகல்ல 30%, மாறி மாறில 40%, இரவுல 50%னு முடிவு பண்றோம். இந்த முடிவ ஸ்டாட்டிஸ்டிஷியன் எடுக்கக் கூடாது, கைடும் மாணவரும் உக்காந்து முந்தின ஆய்வுகள பாத்து எடுக்கணும், ஏன்னா எது முக்கியமான வித்தியாசம்னு எனக்கு எப்படி தெரியும்?

அடுத்து மொத்த சராசரி. 0.5×0.30 + 0.3×0.40 + 0.2×0.50, கூட்டினா 0.37. தொடர்பே இல்லன்னா மூணு குரூப்லயும் இந்த 37%தான் இருக்கணும். நெஜத்துல ஒவ்வொண்ணும் இதுலருந்து எவ்ளோ விலகி இருக்குன்னு பாக்கறதுதான் w. பகல் 0.07 கீழ, மாறி மாறி 0.03 மேல, இரவு 0.13 மேல. ஒவ்வொரு விலகலையும் ஸ்கொயர் பண்ணி, அந்த குரூப்போட பங்கால பெருக்கி, கூட்டணும்: 0.00245 + 0.00027 + 0.00338 = 0.0061. இத 0.37×0.63 அதாவது 0.2331ஆல வகுத்தா w ஸ்கொயர் 0.0262, w 0.162. இதோட பாதி வேல முடிஞ்சிருச்சு.

மிச்சம் ஒரே ஒரு வகுத்தல். கை ஸ்கொயர் டெஸ்ட்ல பவர தீர்மானிக்கறது N × w² ங்கற ஒரே எண், நான்சென்ட்ராலிட்டின்னு சொல்லுவாங்க. ஆல்ஃபா 0.05, பவர் 80%க்கு இந்த எண் df 1ன்னா 7.85, df 2ன்னா 9.63, df 4ன்னா 11.94 இருக்கணும். நம்ம கேஸ்ல df 2, அதனால 9.63ஐ 0.0262ஆல வகுக்கணும், தசமத்த நடுவுல வெட்டாம போட்டா 368.2, மேல ஏத்தி 369. R வச்சிருக்கவங்களுக்கு:

```
library(pwr)
g <- c(0.5, 0.3, 0.2)
p <- c(0.30, 0.40, 0.50)
w <- ES.w2(cbind(g*p, g*(1-p)))
pwr.chisq.test(w = w, df = 2, sig.level = 0.05, power = 0.80)
```

இதுல வர்ற N மொத்த எண்ணிக்கை, ஒரு குரூப்புக்கு இல்ல. இத மூணால பெருக்கி எத்திக்ஸ் கமிட்டிக்கு அனுப்பினவங்களும் இருக்காங்க. G*Powerல பண்றவங்க பவர் பெட்டியையும் Df பெட்டியையும் கண்டிப்பா பாருங்க, பவர் அதுல தானா 0.95னு இருக்கும், Dfலயும் ஏற்கனவே ஒரு எண் போட்டிருக்கும், அது உங்க டேபிளோட எண் இல்ல.

இப்ப அந்த 108க்கு வருவோம். நெஜமான வித்தியாசம் 30, 40, 50தான், ஆனா 0.3னு போட்டு 108 பேரோட ஆய்வ முடிச்சிட்டீங்கன்னா பவர் 30%தான். அதாவது தொடர்பு உண்மையாவே இருந்தும் பத்துல ஏழு தடவ p 0.05க்கு மேல வரும். அப்புறம் டிஸ்கஷன்ல "ஷிஃப்டுக்கும் தூக்கத்துக்கும் தொடர்பு இல்லை"ன்னு எழுதுவாங்க, அத அடுத்த வருஷ மாணவர் மேற்கோள் காட்டுவாரு. எனக்கு எரிச்சல் வர்றது இந்த எடத்துலதான்.

சரி சார், சதவீதம் தெரியாதே, பைலட் ஸ்டடி பண்ணி அதுலருந்து w எடுத்துக்கறோம்னு சிலபேர் வருவாங்க. நல்ல எண்ணம்தான், ஆனா இதுல ஒரு குழி இருக்கு. தொடர்பு சுத்தமா இல்லாத டேபிள்லயும் கை ஸ்கொயர் மதிப்பு பூஜ்யமா வராது, சராசரியா டிகிரி ஆஃப் ஃப்ரீடம் அளவுக்கு வரும். நம்ம 3×2 டேபிள்ல அது 2. பைலட்ல 30 பேர்னா, 2ஐ 30ஆல வகுத்து வர்க்கமூலம் எடுங்க, 0.26. ஒரு தொடர்பும் இல்லாமலே கிட்டத்தட்ட "மீடியம்" வந்துருச்சு பாருங்க! அதனால சின்ன பைலட்லருந்து w எடுக்காதீங்க. அதுலருந்து எடுக்க வேண்டியது மொத்த சராசரி எவ்ளோ, குரூப் பங்கு எவ்ளோ, எத்தன பேர் மறுக்கறாங்கங்கற மாதிரி விஷயங்கதான். வித்தியாசம் எவ்ளோன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. முந்தின பேப்பர்லருந்து எடுத்தாலும் அவங்க குடுத்த கிராமர் V-ய அப்படியே w பெட்டில போடாம, டேபிள்ல இருக்கற சதவீதத்த எடுத்து மேல சொன்ன மாதிரி போட்டுருங்க. ரெண்டு பத்தி டேபிள்ல V-யும் w-வும் ஒண்ணுதான், ஆனா 3×3 ஆனா V-ய √2ஆல பெருக்கினாதான் w.

இன்னொரு பிரபலமான எண் 384. பிரிவலன்ஸ் ஃபார்முலால 50%, 5% பிழைன்னு போட்டா வர்றது. அது ஒரு சதவீதத்த எவ்ளோ துல்லியமா மதிப்பிடலாம்ங்கற கேள்விக்கு பதில், ரெண்டு விஷயத்துக்கு நடுவுல தொடர்பு இருக்காங்கற கேள்விக்கு இல்ல. நம்ம நர்ஸ் கேஸ்ல 369 போதும்ங்கறதால 384 தற்செயலா தப்பிச்சிரும், ஆனா மேல சொன்ன 5%, 10% கேஸ்ல 872ல பாதி கூட இல்ல.

369 வந்ததும் செல் எண்ணிக்கையையும் ஒரு தடவ பாத்துருங்க. கை ஸ்கொயர் தோராயம் செல்லுபடி ஆகணும்னா எக்ஸ்பெக்டட் கவுண்ட் 80% செல்லுல 5க்கு குறையக் கூடாது, எதுலயும் 1க்கு கீழ போகக் கூடாதுங்கற காக்ரன் விதிய எல்லாரும் பின்பத்துறாங்க. நம்ம டேபிள்ல சின்ன செல் இரவு ஷிஃப்ட், கோளாறு உள்ளவங்க: 369×0.2×0.37 = 27. பிரச்சினை இல்ல. ஆனா தூக்கத்த நல்லது, சுமார், மோசம்னு மூணா உடைச்சா df 4 ஆயிரும், w அதே இருந்தாலும் 457 பேர் வேணும், செல்லும் சின்னதாகும். டேட்டா வந்தப்புறம் சின்ன செல்ல பாத்து பயந்து குரூப்ப சேக்கறதுக்கு பதிலா, எத்தன வகையா பிரிக்கப் போறோம்னு முன்னாடியே முடிவு பண்ணி எழுதிருங்க.

அப்புறம் ஒண்ணு, இந்த 369 "எங்கயோ வித்தியாசம் இருக்கு"ன்னு சொல்றதுக்கு மட்டும்தான். இரவுக்கும் பகலுக்கும் நடுவுலயா, மாறி மாறிக்கும் பகலுக்கும் நடுவுலயான்னு ஜோடி ஜோடியா பாக்கணும்னா அதுக்கு தனி கணக்கு போடணும், ஆல்ஃபாவும் குறையும், ஆளும் கூடும்.

மறுக்கறவங்க, ஃபார்ம் பாதில விட்டவங்க 10% இருப்பாங்கன்னா 369ஐ 0.9ஆல வகுங்க, 410. 10% கூட்டினா 406தான் வரும், அதுல பத்து சதவீதம் போனா 365தான் மிச்சம்.

கடைசியா, மொத்தமே 200 நர்ஸ்தான் சார் கெடைப்பாங்கன்னா? நெறைய பேரோட நெலம இதுதான். அப்ப 200க்கு ஏத்த மாதிரி எஃபெக்ட் சைஸ ஏத்தி எழுதாதீங்க. கணக்க திருப்பி போடுங்க: 9.63ஐ 200ஆல வகுத்து வர்க்கமூலம் எடுத்தா w 0.22. சதவீதத்துல சொன்னா பகலுக்கும் இரவுக்கும் 20 புள்ளி இடைவெளி போதாது, ஏறக்குறைய 27 புள்ளி இருந்தாதான் 80% பவர் கெடைக்கும், 20 புள்ளிதான்னா பவர் 52%. இத அப்படியே புரோட்டோகால்ல எழுதுங்க, அந்த 27 புள்ளி உங்க துறைல நடக்கக்கூடிய விஷயமான்னு கைடு கிட்ட கேளுங்க, அவர் இல்லன்னு சொன்னா இன்னொரு சென்டர சேக்கறதா, கேள்விய மாத்தறதான்னு டேட்டா எடுக்கறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சிருங்க.