கேரட் தோட்டத்தில் படி வெட்டும் முன்: தண்ணீர் எந்த வழியாகப் போகும்?

கனமழை பெய்த மறுநாள் காலை நீலகிரியில் ஒரு கேரட் தோட்டத்துக்குப் போனால், நான் முதலில் குனிந்து பார்ப்பது கூழாங்கற்களைத்தான். ஒவ்வொரு கல்லும் ஒரு சின்ன மண்தூணின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும். கல்லுக்கு அடியில் இருந்த மண் தப்பித்துவிட்டது. சுற்றியிருந்ததை மழைத்துளி அடித்துக் கிளப்ப, ஓடும் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. தூணின் உயரத்தை வைத்து அந்த இடத்தில் போன மண்ணை ஓரளவு சொல்லிவிடலாம். ஒரு ஏக்கரில் சீராக 1 மி.மீ. மண் போனாலே 4 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 5 டன்.

இங்கே பலரும் சரிவின் போக்கிலேயே, மேலிருந்து கீழாகப் பாத்தி போடுகிறார்கள். அறியாமல் செய்வதில்லை. தண்ணீர் தேங்கினால் உருளைக்கிழங்கும் கேரட்டும் அழுகும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் "குறுக்கே போடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். குறுக்கே போட்டபின் தண்ணீர் எப்படி வெளியேறும் என்று காட்ட வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே இதில் தவறு செய்தேன். 4 மீட்டர் போனால் 1 மீட்டர் இறங்கும் நிலம். சரிவின் குறுக்கே படிப்படியாக வெட்ட ஏற்றதுதான். படியின் அகலம் 4 மீட்டர் என்று வைத்துக்கொண்டோம். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையிலுள்ள கரையைச் செங்குத்தாக விடாமல் கொஞ்சம் சாய்த்து வெட்டினால் அதன் உயரம் சுமார் 115 செ.மீ. வரும். அதில் பாதி, அதாவது 57 செ.மீ., மலைப்பக்கம் தோண்ட வேண்டும். மண் அந்த ஆழத்துக்கு இல்லாவிட்டால் பாறையோ சத்தில்லாத அடிமண்ணோ மேலே வந்துவிடும். நாங்கள் மேல்மண்ணை முதலில் ஒதுக்கி வைத்து, படி வெட்டியபின் பரப்பினோம். படியை மலைப்பக்கம் 10 செ.மீ. தாழ்த்தி, அங்கே ஒரு சிறு வாய்க்காலும் எடுத்தோம். மழைத் தண்ணீர் கரையின் விளிம்பில் வழியாமல் உள்ளே திரும்பி வர வேண்டுமே, அதற்காக.

வாய்க்காலின் வாட்டத்தை மட்டும் கண்மதிப்பில் விட்டுவிட்டேன். மலையில் கண் ஏமாற்றும். சுற்றிலும் எல்லாமே சாய்ந்திருக்கும்போது எது மட்டம் என்றே தெரியாது. 40 மீட்டர் நீளப் படியில் நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஓர் இரவு மழையில் தண்ணீர் அங்கே சேர்ந்து, கரையை உடைத்து, கீழே இருந்த மூன்று படிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அறுத்துக்கொண்டு இறங்கியது. உடைவதற்கு முன்பே அடையாளம் இருந்திருக்கிறது: வாய்க்காலின் நடுவில் மட்டும் வழவழப்பான வண்டல் படிந்திருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

அப்புறம் ஒவ்வொரு படிக்கும் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் வைத்து மட்டம் பார்த்து, மீட்டருக்கு 1 செ.மீ. வாட்டம் கொடுத்தோம். 40 மீட்டருக்கு 40 செ.மீ. இறக்கம். டியூப் இல்லாவிட்டால் இரண்டு கழிகளையும் ஒரு குறுக்குக் கட்டையையும் ஆங்கில 'A' எழுத்து வடிவில் கட்டி, உச்சியிலிருந்து தூக்குக்குண்டு விட்டாலே மட்டம் பார்க்கலாம். ஓர் இடத்தில் நிறுத்தி, குறுக்குக் கட்டையில் நூல் தொடும் இடத்தைக் குறியுங்கள். கால்களை இடம் மாற்றி மறுபடி குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம்.

வாய்க்கால்கள் எல்லாம் வந்து சேரும் ஓரத்து ஓடையை வெற்று மண்ணாக விட்டால் அடுத்த மழையில் அது அரித்துப் பள்ளமாகிவிடும். புல் பிடித்து வேரூன்றிய பிறகுதான் அதில் தண்ணீரைத் திருப்ப வேண்டும். பல இடங்களில் நடைபாதையையே ஓடையாக்கி விடுகிறார்கள். அந்தப் பாதை இரண்டு மழைக்குக்கூடத் தாங்காது.

சம உயர வரப்பு போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அது மழை குறைந்த, லேசான சரிவுள்ள மானாவாரி நிலத்துக்கானது. 100 மீட்டருக்கு 6 மீட்டர் வரை இறங்கும் நிலத்தில் தண்ணீரைத் தேக்கி ஊறவைக்கும். வெடிக்கும் கரிசலில் அந்த வரப்பும் விரிசல் விட்டு உடையும். மலைச்சரிவில் அதை நம்பக்கூடாது.

படி சரியாக அமைந்த பிறகும் ஒரு தொல்லை மிச்சம் இருக்கிறது. கேரட், உருளை அறுவடை என்றாலே நிலத்தைக் கிளறிப் போடுவதுதான். அந்தப் பொடிமண் மேல் மழை விழுந்தால் முதலில் சொன்ன மண்தூண்கள் படியிலும் வரும். அடுத்த நடவுக்கு இடைவெளி இருந்தால் ஓட்ஸ் நெருக்கமாக விதைக்கச் சொல்கிறேன். அது வளர்ந்து மண்ணை மூடுவதற்குச் சில வாரங்கள் ஆகும், அதனால் மழை தொடங்கிய பின் விதைத்துப் பலன் குறைவு. நேரம் தப்பிவிட்டால் தழையையும் வைக்கோலையும் பரப்பலாம். அறுவடையில் வரும் கேரட் தழையையே பாத்தியில் விடலாம்தான், ஆனால் நோய் கண்ட தோட்டத்தில் வேண்டாம்.

கரைகளில் வெட்டிவேரோ தீவனப் புல்லோ வைத்தால் மாடு உள்ள வீட்டில் தானாகவே பராமரிப்பார்கள். அறுக்கும்போது வேரோடு பிடுங்காமல் இருந்தால் சரி. அந்த உடைந்த தோட்டத்துக்காரர் இப்போது ஒவ்வொரு மழைக்கும் பின் மண்வெட்டியோடு வாய்க்காலில் நடக்கிறார். படிந்த வண்டலை அள்ளிப் படியின் மேலேயே வீசுகிறார். எங்காவது நடுவில் கூடுதலாகப் படிந்திருந்தால் எனக்குப் போன் வரும்.