இருபது கப்பு அடுக்கினா எவ்வளவு உயரம்னு முதல்ல கேளுங்க, ஃபார்முலா அப்புறம் வரட்டும்

கூட்டுத் தொடர்வரிசை பாடத்துல பசங்க பண்ற தப்பு பெரும்பாலும் ஒரே இடத்துலதான் வரும். a + (n − 1)d மனப்பாடமா தெரியும், எழுதச் சொன்னா உடனே எழுதிடுவாங்க, ஆனா அந்த ஒண்ணை ஏன் கழிக்கணும்னு கேட்டா கிளாஸே அமைதியாயிடும். பல வருஷமா பெரிய கிளாஸுக்குக் கணக்கு எடுக்கிறேன், நானும் ஆரம்பத்துல போர்டுல 3, 7, 11, 15 எழுதிட்டு நேரா ஃபார்முலாவுக்குத்தான் போவேன். இப்போ அப்படிப் போறதில்ல. ஒரே மாதிரி பிளாஸ்டிக் கப்பு ஒரு கட்டும் ஒரு ஸ்கேலும் எடுத்துட்டுப் போறேன்.

கப்பை ஒண்ணுக்குள்ள ஒண்ணா சொருகி அடுக்கணும். அளக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கப்பைக் காட்டி, இது 9.5 செ.மீ. உயரம், இருபது கப்பு அடுக்கினா எவ்வளவு வரும்னு ஊகிச்சு நோட்டுல எழுதச் சொல்வேன். யாராவது ஒருத்தர் கண்டிப்பா 190னு எழுதுவாங்க, இருபதை 9.5 ஆல பெருக்கி. அதைத் தப்புன்னு நான் சொல்றதில்ல, "190 செ.மீ.ன்னா உன்னைவிட உயரம், அப்படியா வரும்?"னு கேட்டா போதும், தானே அழிச்சிடுவாங்க. இன்னும் கொஞ்சம் யோசிக்கிற பசங்க பத்து கப்பு அடுக்கி அளந்து, 20.3 வந்துச்சு, அதை ரெண்டால பெருக்கி 40.6னு சொல்வாங்க. இந்தத் தப்புதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச தப்பு, ஏன்னா பாடம் மொத்தமும் இதுக்குள்ள இருக்கு. கொஞ்ச நேரத்துல இதுக்குத் திரும்பி வர்றேன்.

இப்போ அளக்கற விஷயம். ஒவ்வொரு கப்பும் சேரும்போது எவ்வளவு கூடுதுன்னு கண்டுபிடிக்கணும், அதாவது வெளியே தெரியற அந்த விளிம்புப் பட்டை. ஒரு கப்பு, அப்புறம் ரெண்டு கப்புன்னு அளந்து கழிச்சா ஒரு குரூப்புக்கு 1.1 வரும், இன்னொரு குரூப்புக்கு 1.3 வரும், ஸ்கேல்ல ஒரு மில்லிமீட்டர் கண்ணு தப்பினாலும் மொத்தத் தப்பும் அந்த ஒரே விளிம்பு மேல விழுந்துடும். அதனால ஒரு கப்பையும் பதினொரு கப்பையும் அளக்கச் சொல்லுங்க. எங்க கப்புக்கு 9.5, 21.5 வந்துச்சு. வித்தியாசம் 12, இடையில பத்து விளிம்பு, அப்போ ஒண்ணு 1.2 செ.மீ. அதே ஒரு மில்லிமீட்டர் தப்பு இப்போ பத்தா பிரிஞ்சு போயிடுது. பதினொரு கப்புக்கு ஏன் பத்து விளிம்புன்னு இங்கயே நிறுத்திக் கேளுங்க, விரலை வச்சு எண்ணிப் பார்க்கட்டும். முதல் கப்பு முழு உயரத்தோட நிக்குது, மத்த பத்தும் ஆளுக்கு ஒரு விளிம்புதான் கொண்டு வருது. (n − 1) வந்தது இப்படித்தான், இதுக்கப்புறம் நான் விளக்கவே வேண்டியதில்ல.

இருபது கப்புக்கு 9.5 + 19 × 1.2, அதாவது 32.3 செ.மீ. அடுக்கி அளந்து பாருங்க, மில்லிமீட்டர் கணக்குல முன்ன பின்ன இருக்கும். 33.5னு சொல்ற பையன் இருபது விளிம்பு எண்ணியிருக்கான்னு அர்த்தம், சரியா ஒரு விளிம்பு அதிகம். விடையைப் பார்த்தே எங்க தடுமாறினான்னு தெரிஞ்சுடும்.

சரி, அந்த 40.6க்கு வருவோம். நிஜ உயரம் 32.3, அதிகமா வந்தது 8.3. இந்த 8.3 எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டுட்டு நான் கொஞ்ச நேரம் வாயே திறக்க மாட்டேன். ஒருதடவை பின் பெஞ்சுல இருந்து ஒரு பொண்ணு வந்து, பத்து கப்பு அடுக்கு ரெண்டைப் பக்கத்துல பக்கத்துல வச்சு, ரெண்டாவது அடுக்கோட அடி கப்பைப் பிடிச்சுக்கிட்டு, "இதுவும் இப்ப உள்ள போயிடும்ல மிஸ், விளிம்பு மட்டும்தானே வெளிய நிக்கும்"னு சொன்னா. அதேதான். 9.5ல விளிம்பு 1.2 போனா மிச்சம் 8.3, அது கப்போட உடம்பு. பத்து கப்பை ரெண்டால பெருக்கினப்போ உடம்பை ரெண்டு தடவை எண்ணிட்டோம். அப்போ உயரத்தை 8.3 + 1.2n னும் எழுதலாம், ரெண்டும் ஒண்ணுதான். இதுல இருந்து இன்னொண்ணும் பிடிபடும், கூட்டுத் தொடர்வரிசைங்கறது நேர் விகிதம் இல்ல, அந்த 8.3 சுழியா இருந்தா மட்டும்தான் ரெண்டு மடங்கு கப்புக்கு ரெண்டு மடங்கு உயரம்.

ஒரு குரூப்புக்கு மட்டும் எல்லா உயரமும் அரை செ.மீ. குறைவா வரும், ஆனா விளிம்பு 1.2 சரியா வரும். ஸ்கேல் நுனியில சுழிக்கு முன்னாடி கொஞ்சம் வெற்று இடம் இருக்கும், அதை மறந்து நுனியை டேபிள்ல ஊணி அளந்திருப்பாங்க. எல்லா அளவுலயும் அதே தப்பு இருக்கறதால கழிக்கும்போது அது அடிபட்டுப் போயிடுது, a மட்டும் தப்பு, d சரி. வித்தியாசமே மாறி மாறி வந்தா அது வேற வியாதி, கப்பு சரியா உட்காரல, நடுவுல காத்து நிக்குது, இல்லன்னா ரெண்டு வகை கப்பு கலந்திருக்கு. பேப்பர் கப்பு அழுத்த அழுத்த இறங்கிடும், அதனாலதான் பிளாஸ்டிக்.

அடுத்த கேள்வி தலைகீழா. ஷெல்ஃப் உயரம் 50 செ.மீ., எத்தனை கப்பு நிக்கும்? 50ல முதல் கப்போட 9.5 போனா 40.5, அதை 1.2 ஆல வகுத்தா 33.75, அந்த முதல் கப்பு ஒண்ணைக் கூட்டினா 34.75. பாதிப் பேர் கிட்ட இருக்குன்னு 35 ஆக்கிடுவாங்க. 35 கப்பு 50.3 செ.மீ., உள்ள போகாது. 34ன்னா 49.1, போகும். n முழு எண்ணா இருக்கணும், இங்க கீழ்நோக்கித்தான் முழுசாக்கணும்னு புத்தகக் கணக்கு இவ்வளவு அழுத்தமா உணர்த்தாது, கப்பு இடிக்கும்போது உணருவாங்க.

கப்பு ஓரளவு பழகினதும் சேமிப்புக்குப் போவேன், ஏன்னா கப்புல ஒரு விஷயம் வராது, அந்தந்த வாரம் போட்டது வேற, உண்டியல்ல மொத்தம் சேர்ந்தது வேற. ரெண்டு திட்டம் சொல்வேன். முதல் திட்டத்துல முதல் வாரம் 50 காசு, ஒவ்வொரு வாரமும் போன வாரத்தைவிட 10 கூட. ரெண்டாவதுல முதல் வாரம் 1 காசு, ஒவ்வொரு வாரமும் போன வாரம் போட்டதுல ரெண்டு மடங்கு. ரெண்டாவது எப்போ முதலாவதை முந்தும்?

இங்க மொழியிலயே ஒரு குழி இருக்கு, பார்த்துக்கோங்க. "ரெண்டு கூட", "ரெண்டு மடங்கு", "ரெண்டு மடங்கு கூட" மூணும் பசங்க வாயில ஒரே மாதிரி வரும். அஞ்சுல ஆரம்பிச்சா முதலாவது 7, ரெண்டாவது 10, மூணாவதுக்குச் சிலர் 10னுவாங்க சிலர் 15னுவாங்க. அதனால நான் "போன வாரத்தை ரெண்டால பெருக்கு"ன்னு மட்டும்தான் சொல்றது, கேள்வித்தாள்லயும் அப்படியே எழுதறது.

பட்டியல் போட்டா ஏழாவது வாரம் முதல் திட்டத்துல 110, ரெண்டாவதுல 64. எட்டாவது வாரம் 120, 128. முந்திடுச்சுன்னு பசங்க கத்துவாங்க. "உண்டியலை உடைச்சுப் பார்த்தீங்களா?"ன்னு கேட்பேன். எட்டு வாரம் முடிஞ்சப்போ முதல் உண்டியல்ல 680, ரெண்டாவதுல 255தான் இருக்கு. ஒன்பதுல 810, 511. பத்தாவது வாரம்தான் 950, 1023ன்னு மொத்தமும் முந்துது. ஒரே கேள்விக்கு எட்டு, பத்துன்னு ரெண்டு விடை, ரெண்டுமே சரி, எதைக் கேட்டோங்கறதுதான் விஷயம். தொடர்வரிசைக்கும் தொடருக்கும் உள்ள வித்தியாசத்தை நான் வரையறையா எழுதிப் போட்டப்பல்லாம் ஒட்டல, இந்த எட்டும் பத்தும் ஒட்டுது.

950ஐ எப்படிச் சீக்கிரம் கூட்டறதுன்னா முதல் வாரம் 50, பத்தாவது 140, சேர்த்தா 190. ரெண்டாவதும் ஒன்பதாவதும் 60, 130, அதுவும் 190. அஞ்சு ஜோடி, 950. 1023க்கு வேற வழி, பக்கத்துல இருந்து ஒரு காசை எடுத்து முதல் வாரக் காசோட வைங்க, 1 + 1 = 2, அது அடுத்த வாரக் காசுக்குச் சமம், சேர்த்தா 4, அது அதுக்கடுத்த வாரத்துக்குச் சமம், இப்படியே போய் பத்து வாரம் முடிஞ்சா 1024 நிக்கும், கடன் வாங்கின ஒண்ணைத் திருப்பிக் குடுத்தா 1023. 2ஐ அடுக்கா வச்சு எழுதற அந்த 2ⁿ − 1ல மைனஸ் ஒண்ணு யாருடையதுன்னு கையில காசை வச்சுக்கிட்டே பார்த்துடலாம்.

இந்த ரெண்டாவது திட்டத்தை இருபதாவது வாரம் வரைக்கும் கட்டாயம் போடச் சொல்லுங்க, அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் 5,24,288 காசு போடணும். எந்த மனுஷனாலயும் இப்படிச் சேமிக்க முடியாது, இதைப் பசங்ககிட்ட வெளிப்படையா சொல்லிடறது நல்லது, இல்லன்னா ரெட்டிப்பாகும்னு யாராவது ஆசை காட்டினா நம்பிடுவாங்க.

கடைசி பீரியடுல ரெண்டையும் கலந்து ஒரு கேள்வி. கப்பு எண்ணிக்கையை ரெட்டிப்பாக்கிட்டே போறோம், 1, 2, 4, 8, 16, உள்ள சொருகி அடுக்கறோம், உயரம் என்ன வரிசை? கப்பு பெருக்குத் தொடர்வரிசை, அதனால உயரமும் அதேதான்னு எல்லாரும் கை தூக்குவாங்க. அளந்தா 9.5, 10.7, 13.1, 17.9, 27.5. கழிச்சுப் பார்த்தா வித்தியாசம் சமமா இல்ல, வகுத்துப் பார்த்தா விகிதமும் சமமா இல்ல. ஆனா அந்த வித்தியாசங்களை மட்டும் எழுதினா 1.2, 2.4, 4.8, 9.6. போன வருஷம் ஒரு பையன் இதை எழுதிட்டு ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தான், அப்புறம் அஞ்சு உயரத்துல இருந்தும் 8.3ஐக் கழிச்சான், 1.2, 2.4, 4.8, 9.6, 19.2ன்னு வந்துச்சு, "மிஸ், உடம்பை எடுத்துட்டா ஜி.பி. ஆயிடுது"ன்னான்.