உர மூட்டையை எண்ணும் முன் கிலோவைக் கணக்கிடுங்கள்

நிபோங் திபால் பக்கம் செம்பனை வைத்திருக்கும் ஓர் அண்ணன் போன மாதம் என்னைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டார். உரம் போட்டு முடித்தாகிவிட்டது, ஆனால் கடைசியில் 48 மரங்களுக்கு ஒரு பிடி உரம்கூட இல்லை. "கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன் தம்பி" என்றார். கணக்கு சரிதான். மூட்டைதான் வேறு.

கிராண்டில் 5 ஏக்கர். வீடு, வாய்க்கால், பாதை போக மரம் நிற்பது நாலரை ஏக்கரில். அவருக்கு எழுதிக் கொடுத்த அளவு, ஒரு சுற்றுக்கு ஏக்கருக்கு 130 கிலோ. 130-ஐ 4.5-ஆல் பெருக்கினால் 585 கிலோ. 50 கிலோ மூட்டை என்றால் 11.7, அதாவது 12 மூட்டை. இந்த 12 என்ற எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனார். அங்கே 50 கிலோ மூட்டை 140 ரிங்கிட், அதே சத்து அளவுள்ள வேறு கம்பெனி மூட்டை 125 ரிங்கிட். மலிவாகத் தெரிந்ததை வாங்கிவிட்டார். அது 40 கிலோ மூட்டை. 12 மூட்டையில் வந்தது 480 கிலோதான், 105 கிலோ குறைவு. எடை மூட்டையின் கீழ்ப்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கிறது, அடுக்கி வைத்தால் கண்ணில் படாது.

சரி, அந்த மூட்டை உண்மையில் மலிவா? கிலோ விலையைப் பாருங்கள். 140-ஐ 50-ஆல் வகுத்தால் 2.80 ரிங்கிட். 125-ஐ 40-ஆல் வகுத்தால் 3.12-க்கு மேல். 585 கிலோவுக்கு 40 கிலோ மூட்டை 15 வேண்டும். அது 1,875 ரிங்கிட். 50 கிலோவில் 12 மூட்டை 1,680 ரிங்கிட். அப்புறம் அவர் உரம் போடுபவருக்கு மூட்டைக்கு 12 ரிங்கிட் கூலி கொடுக்கிறார். 15 மூட்டைக்கு 180, 12 மூட்டைக்கு 144. லோரி வாடகை 60 எப்படியும் உண்டு. 40 கிலோ மூட்டையில் மொத்தம் 2,115, 50 கிலோ மூட்டையில் 1,884. மலிவு மூட்டையால் 231 ரிங்கிட் கூடுதல்.

இன்னொரு தவறையும் அடிக்கடி பார்க்கிறேன். ஏக்கருக்கு 2.6 மூட்டை என்று வந்ததும் 3 என்று முழுதாக்கி, பிறகு 4.5-ஆல் பெருக்குவார்கள். 13.5 வரும், 14 வாங்குவார்கள். இரண்டு மூட்டை வீண். முதலில் முழு நிலத்துக்கும் கிலோவைக் கூட்டி, கடைசியில் ஒரே ஒரு தடவை முழுதாக்குங்கள்.

அண்ணனிடம் மரங்களை எண்ணச் சொன்னேன். 270. 585-ஐ 270-ஆல் வகுத்தால் மரத்துக்கு ஏறக்குறைய 2 கிலோ 170 கிராம். ஒரு பால்மாவு டின்னில் அவ்வளவையும் தராசில் நிறுத்து, உரம் வந்த மட்டத்தில் வெளியே பெயிண்டால் கோடு போட்டோம். அடுத்த சுற்றில் ஒவ்வொரு 50 கிலோ மூட்டையும் 23 மரத்துக்கு வர வேண்டும். 20-லேயே தீர்ந்தால், டின் கோட்டுக்கு மேல் நிறைகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.